இது என்ன எழுத்துரு? ஒரு சொல்லின் படத்திலிருந்து பெயர் வரை

அச்சிட்ட ஒரு சொல்லைப் படம் எடுத்து அனுப்பி "இது என்ன எழுத்துரு?" என்று கேட்கிறார்கள். ஒருவர் ஹெல்வெட்டிகா என்கிறார், இன்னொருவர் ஏரியல் என்கிறார், ஒரு கருவி யாரும் கேள்விப்படாத ஐந்து பெயர்களை நீட்டுகிறது. கேட்டவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்கிறது. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே கேள்விபோலத் தோன்றுவதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. இந்தச் சொல்லை அச்சிட்டபோது பயன்பட்ட எழுத்துருக் கோப்பு எது?
2. இந்த வடிவம் எந்த வடிவமைப்பைச் சேர்ந்தது?
3. இதற்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நெருக்கமாக என்ன கிடைக்கும்?

முதல் கேள்விக்குப் படத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்குப் பல நேரம் சொல்லலாம். மூன்றாவதற்கு எப்போதுமே ஏதோ ஒரு பதில் உண்டு. ஆனால் "நெருக்கம்" என்பதே இரண்டு வகை. அந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. `Register` என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு இதைக் கடைசிவரை பார்க்கலாம்.

## தேவைப்படும் நான்கு சொற்கள்

அடிக்கோடு: எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு. `g` போன்றவற்றின் வால் இதற்குக் கீழே இறங்கும்.

பேரெழுத்து உயரம்: அடிக்கோட்டிலிருந்து `R` போன்ற பெரிய எழுத்தின் தலை வரை.

சிற்றெழுத்து உயரம்: அடிக்கோட்டிலிருந்து வாலும் கொம்பும் இல்லாத சிறிய எழுத்தின் தலை வரை. `i`-யில் புள்ளியை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அளப்பது நல்லது. `e`, `s` போன்ற உருண்டை எழுத்துகள் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காகவே கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வரும்படி வரையப்பட்டிருக்கும். அவற்றை அளந்தால் கணக்கு தப்பும்.

முனை: ஒரு கோடு முடியும் இடம். அது படுக்கையாக வெட்டப்பட்டிருக்கிறதா, சாய்வாகவா, உருண்டையாகவா? எழுத்துருவை அடையாளம் காண்பதில் பாதி வேலை இந்த ஒரு கேள்விதான். கோட்டின் முனையில் சின்னப் பாதம்போல ஒரு கட்டை இருந்தால் அதற்குச் செரிஃப் என்று பெயர். அது இல்லாதவை சான்ஸ் வகை. நம் `Register` சான்ஸ் வகை.

## படத்தை ஆராய்வதற்கு முன், அது எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்காமலேயே நேரே படத்துக்குள் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சொல் ஒரு பி.டி.எஃப் கோப்பிலிருந்து வெட்டியெடுத்த படம் என்றால், எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். பாப்ளர் தொகுப்பில் உள்ள `pdffonts` கட்டளையைக் கொண்டு கோப்பையே கேட்டுவிடலாம்:

```
pdffonts form.pdf
```

`BCDEEE+ArialMT` என்பதுபோல ஒரு பெயர் வரும். முன்னால் உள்ள ஆறு பெரிய எழுத்துகளுக்குத் தனிப் பொருள் இல்லை. முழு எழுத்துருவையும் வைக்காமல், பயன்பட்ட எழுத்துகளை மட்டும் கோப்புக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது. கூட்டல் குறிக்குப் பின்னால் வருவதுதான் பெயர். அதே வரிசையில் `emb` என்ற தலைப்பின் கீழ் `no` என்று இருந்தால் கவனம் தேவை. எழுத்துரு கோப்புக்குள் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்று பொருள். திறக்கும் கணினி தன்னிடம் உள்ள வேறொன்றை அந்த இடத்தில் போட்டுக் காட்டும்.

வலைப்பக்கத்தில் உள்ள சொல் என்றால், குரோமின் டெவலப்பர் கருவிகளில் `Computed` பகுதியின் அடியில் `Rendered Fonts` என்றும், ஃபயர்பாக்ஸில் `Fonts` என்றும் ஒரு பகுதி இருக்கிறது. பக்கத்தை எழுதியவர் எதைக் கேட்டார் என்பதும், திரை உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதும் வேறு வேறு. இந்தப் பகுதி இரண்டாவதைச் சொல்கிறது.

இந்த மாற்றிப் போடும் பழக்கம் அச்சுக்கும் பொருந்தும். வடிவமைத்தவர் ஹெல்வெட்டிகா என்று குறித்திருப்பார், அச்சிட்ட கணினியில் அது இருக்காது. லினக்ஸ் கணினியில் `fc-match Helvetica` என்று தட்டினால், அந்தப் பெயரைக் கேட்கும்போது உண்மையில் எது கிடைக்கும் என்று தெரியும். பல கணினிகளில் நிம்பஸ் சான்ஸ் அல்லது லிபரேஷன் சான்ஸ் வரும். ஆகவே "வடிவமைத்தவரே ஹெல்வெட்டிகா என்று சொன்னார்" என்பதுகூடத் தாளில் இருப்பது ஹெல்வெட்டிகா என்பதற்குச் சாட்சி ஆகாது.

## மூலக் கோப்பு இல்லை, படம் மட்டுமே இருக்கிறது

முதல் வேலை, இது எழுத்துருவால் ஆனதா, கையால் வரைந்ததா என்று பார்ப்பது. ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறதா என்று தேடுங்கள். `Register` இந்த விஷயத்தில் வசதியான சொல்: இரண்டு `e` இருக்கின்றன. ஒன்றை வெட்டி இன்னொன்றின் மேல் வைத்தால் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது வரையப்பட்டதாக இருக்கலாம், அல்லது ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்துச் சுழற்றிப் போடும் கையெழுத்துப் பாணி எழுத்துருவாக இருக்கலாம். வணிகச் சின்னங்களில் மூன்றாவது சாத்தியமும் உண்டு: எழுத்துருவில் தொடங்கி, ஓரிரு எழுத்துகளை மட்டும் கையால் மாற்றியிருப்பார்கள். அப்போது மாறாத எழுத்துகளை நம்ப வேண்டும், கண்ணைப் பறிக்கும் எழுத்தை அல்ல.

அடுத்தது படத்தின் தரம். பெரிய எழுத்தின் உயரம் 100 பிக்சலுக்குக் குறைந்தால் முனைகளைப் பற்றிப் பேசுவது ஊகம்தான். 20 பிக்சல் உயரத்தில் சாய்ந்த வெட்டும் நேர் வெட்டும் ஒரே சாம்பல் புள்ளியாகிவிடும். அதைப் பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது. தாளே கையில் இருந்தால், தட்டையாக வைத்து நேர் மேலிருந்து மறுபடி படம் எடுப்பது எல்லாத் திருத்த வேலையையும் மிச்சப்படுத்தும். இல்லையென்றால் குறைந்தபட்சம் இமேஜ்மேஜிக் மென்பொருளைக் கொண்டு நிறத்தை நீக்கி, சாய்வைச் சரிசெய்து, ஓரங்களை வெட்டிவிடலாம்:

```
magick photo.jpg -colorspace Gray -deskew 40% -normalize \
  -fuzz 30% -trim +repage word.png
```

இங்கே `-deskew` சுழற்சியை மட்டுமே சரிசெய்யும். பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் ஒரு முனை சிறுத்து ஒரு முனை பெருத்திருக்கும், அதற்கு இது மருந்தல்ல. அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, அடிக்கோட்டையும் சிற்றெழுத்துத் தலைக்கோட்டையும் நீட்டிப் பாருங்கள். இரண்டும் இணையாக ஓடாமல் ஒரு பக்கம் நெருங்கினால் படம் சரிந்திருக்கிறது.

இன்னொரு ஏமாற்று, இழுத்து நீட்டிய எழுத்து. இடத்துக்குள் அடக்குவதற்காகச் சொல்லைப் பக்கவாட்டில் அமுக்கியிருப்பார்கள். அப்படி அமுக்கும்போது நிற்கும் தண்டுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் மெலியாது. சாதாரணச் சான்ஸ் எழுத்துருவில் படுக்கைக் கோடு நிற்கும் தண்டைவிடக் கொஞ்சம் மெல்லியதாகவே இருக்கும். அது தலைகீழாக இருந்தால் யாரோ அமுக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தை அப்படியே கருவியில் போட்டால் குறுகல் வகை எழுத்துருக்களின் பட்டியல் வரும், அத்தனையும் தவறாக இருக்கும்.

தடிமனைப் பற்றிய முடிவைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. தாளில் மை பரவும். அப்போது தண்டு தடிக்கும், மூலைகள் மழுங்கும், `e`-யின் வாய் குறுகும். சாதாரணத் தடிமன் நடுத்தரத் தடிமனாகத் தோன்றும்.

## அளந்து பார்த்தல்

நம் படத்தில் `R`-இன் உயரம் 145 பிக்சல், `i`-யின் தண்டு 105 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் அளவு பெரிதோ சிறிதோ, இந்த விகிதம் மாறாது: 105-ஐ 145-ஆல் வகுத்தால் 0.724.

இதை எழுத்துருக் கோப்புகளில் பதிந்துள்ள எண்களோடு ஒப்பிடலாம். வெர்டானாவில் சிற்றெழுத்து உயரம் 1117 அலகு, பேரெழுத்து உயரம் 1489 அலகு, விகிதம் 0.750. நம் படம் வெர்டானாவாக இருந்தால் `i`-யின் தண்டு 109 பிக்சல் இருந்திருக்க வேண்டும். நான்கு பிக்சல் வித்தியாசம் அளவைப் பிழை ஆகாது. வெர்டானா வெளியே.

ஏரியலில் 1062-க்கு 1467, அதாவது 0.724. கச்சிதம்! ஆனால் இங்கே நிறுத்தினால் தவறிவிடுவோம். ஹெல்வெட்டிகாவில் 523-க்கு 718, அதாவது 0.728. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் படத்தில் அரைப் பிக்சலுக்குச் சற்றே அதிகம். ஒரு பிக்சல் தவறாக அளந்தாலே பதில் மாறிவிடும். உயர விகிதம் வெளியேற்ற உதவும், தேர்ந்தெடுக்க உதவாது.

அப்படியென்றால் சொல்லின் நீளத்தை அளக்கலாமே? இயல்பாகத் தோன்றும் யோசனை இது. ஹெல்வெட்டிகாவில் ஒவ்வொரு எழுத்தும் பிடித்துக்கொள்ளும் அகலம், எழுத்தின் அளவை 1000 பங்காகப் பிரித்தால், இப்படி:

```
R    e    g    i    s    t    e    r
722  556  556  222  500  278  556  333   = 3723
```

ஏரியலிலும் கூட்டிப் பாருங்கள். `R` 722, `e` 556, `g` 556 என்று ஒவ்வொன்றாக வந்து, அதே 3723-இல் முடியும். நம் படத்தின் அளவுக்கு இது சுமார் 754 பிக்சல். `R`-க்கு இடப்பக்கம் உள்ள வெற்றிடத்தைக் கழித்தால் மை தெரியும் நீளம் ஏறத்தாழ 740. ஹெல்வெட்டிகா என்றாலும் ஏரியல் என்றாலும் கிட்டத்தட்ட இதே நீளம்தான். நீளத்தை அளப்பதால் பெரிய பயனில்லை.

## ஏன் அகலம் மட்டும் ஒன்றுபோல் இருக்கிறது?

இது தற்செயல் அல்ல. ஹெல்வெட்டிகா 1957-இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில் மேக்ஸ் மீடிங்கர், எட்வர்ட் ஹாஃப்மன் இருவரின் கைவண்ணத்தில் வேறொரு பெயரில் பிறந்தது. நோயே ஹாஸ் குரோடெஸ்க் என்பது அந்தப் பெயர். 1960-இல் ஹெல்வெட்டிகா ஆனது. ஏரியல் 1982-இல் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கலஸும் பட்ரிஷியா சாண்டர்ஸும் ஐ.பி.எம். லேசர் அச்சுப்பொறிகளுக்காக வரைந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்து எல்லா மேசைக்கும் போய்விட்டது.

ஹெல்வெட்டிகாவை வைத்து வரி பிரித்த ஆவணம், ஹெல்வெட்டிகா இல்லாத இயந்திரத்திலும் அதே இடத்தில் வரி முறிய வேண்டும். ஓர் எழுத்தின் அகலம் துளி மாறினாலும் வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கும், பத்தி ஒரு வரி நீளும், பக்கம் கலையும். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏரியல் இந்தத் தேவைக்குப் பொருந்தியது: உருவம் குரோடெஸ்க் என்ற மோனோடைப்பின் பழைய சான்ஸ் எழுத்துருவின் வழியில் வந்தது, அகலம் ஹெல்வெட்டிகாவுக்கு ஒத்தது. வேறு ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் தன் உடம்பை நுழைத்துக்கொண்ட மாதிரி. ஆள் யார் என்று தெரிய சட்டையைப் பார்த்துப் பயனில்லை, முகத்தைப் பார்க்க வேண்டும்.

## முகம் எங்கே இருக்கிறது?

`Register` என்ற சொல்லில் ஐந்து இடங்களில் இந்த இரண்டும் பிரிகின்றன.

1. `R`-இன் கால். ஹெல்வெட்டிகாவில் கால் வளைந்து, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கி, நுனியில் சற்று வெளியே திரும்பும். ஏரியலில் அது ஒரு சாய்கோடு. தூரத்திலிருந்தே தெரியும் வித்தியாசம் இதுதான். முதலில் இங்கே பாருங்கள்.
2. `t`-யின் தலை. ஹெல்வெட்டிகாவில் நேராக வெட்டியிருக்கும், ஏரியலில் சாய்வாக. சின்ன எழுத்துகளில் இதுவே நம்பகமானது.
3. `e`-யின் கீழ்முனை. ஹெல்வெட்டிகாவில் முனை படுக்கைக் கோட்டுக்கு இணையாக முடியும். ஏரியலில் ஒரு கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும்.
4. `s`-இன் இரு முனைகள். அதே கதை: ஒன்றில் படுக்கை, மற்றதில் சாய்வு.
5. `g`-யின் வால் நுனி. இதுவும் அப்படியே. மை பரவிய படத்தில் இதைக் கடைசியாக நம்புங்கள்.

கவனித்தால் இவை ஐந்து தனித்தனி ரகசியங்கள் அல்ல. ஹெல்வெட்டிகாவை வரைந்தவர்கள் முனைகளைப் படுக்கையாகவோ நேராகவோ வெட்டுவது என்று ஒரே முடிவு எடுத்திருக்கிறார்கள், ஏரியல் அந்த முடிவை எடுக்கவில்லை. அதனால் ஒரு முனை ஒரு பக்கமும் நான்கு முனைகள் மறுபக்கமும் சாட்சி சொன்னால், அந்த ஒன்று படத்தின் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக முனைகள் உண்மையிலேயே இரண்டு விதமாகக் கலந்திருந்தால், இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேட வேண்டும்.

எல்லாச் சொல்லும் இப்படி வசதியாக அமையாது. `HILL` என்ற சொல்லை அனுப்பி எழுத்துரு கேட்டால், நேர்கோடுகளைத் தவிர அதில் எதுவும் இல்லை. அந்தச் சொல்லுக்கு நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் சம உரிமை கொண்டாடும். `R`, `G`, `Q`, `a`, `g`, `t`, `y`, எண்களில் `1` ஆகியவைதான் நிறையப் பேசுகிற எழுத்துகள். படம் அனுப்புகிறவர் அதே தாளில் இந்த எழுத்துகள் இருக்கும் இன்னொரு சொல்லையும் சேர்த்து அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

## மேலே வைத்துப் பார்ப்பது

நம் படத்தில் `R`-இன் கால் சாய்கோடு, `t`-யின் தலை சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஏரியல் என்று தோன்றுகிறது. தோன்றுவதைச் சோதிக்க, அதே சொல்லை ஏரியலில் எழுதி, இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்:

```
magick -background white -fill black -font Arial \
  -pointsize 300 label:Register -trim +repage \
  -resize 1000x300! try.png
magick word.png -resize 1000x300! w.png
magick w.png try.png -compose difference -composite diff.png
```

பொருந்திய இடம் கறுப்பாகவும் பொருந்தாத இடம் வெளிச்சமாகவும் வரும். எழுத்துகளின் விளிம்பைச் சுற்றி ஒரே சீராக மெல்லிய வெள்ளைக் கோடு வந்தால் அது மை பரவியதுதான், எழுத்துரு சரி. `R`-இன் கால் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் எழுத்துரு தவறு. எழுத்துகளின் பக்க விளிம்புகள் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் விலகித் தெரிந்தால் எழுத்திடைவெளியை யாரோ மாற்றியிருக்கலாம். அப்போது எழுத்து எழுத்தாக வெட்டி ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. `1000x300!` என்பதில் உள்ள ஆச்சரியக்குறி, படம் எந்த விகிதத்தில் இருந்தாலும் அந்த அளவுக்குள் வலிந்து திணிக்கும். ஆகவே அமுக்கிய எழுத்தும் இதில் பொருந்திவிடும். நீள அகல விகிதத்தை முன்பே சரிபார்த்த பிறகுதான் இந்தச் சோதனை. பட்டியலில் உள்ள எழுத்துருவின் பெயரை அந்தக் கணினி எப்படி அறிந்திருக்கிறது என்பதை `magick -list font` சொல்லும். பெயர் கிடைக்காவிட்டால் மென்பொருள் வேறொன்றைப் போட்டு வரைந்துவிடும், அது எச்சரிப்பதை நாம் கவனிக்காமல் விட்டால் வேறு ஒரு எழுத்துருவையே ஏரியல் என்று நம்பி ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

## கருவிகள் என்ன செய்கின்றன?

இவை இரண்டு வகை. ஐடென்டிஃபான்ட் போன்றவை படத்தையே பார்ப்பதில்லை, நம்மைக் கேள்வி கேட்கின்றன: செரிஃப் உண்டா, `Q`-வின் வால் வட்டத்தை வெட்டுகிறதா, என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பதிலுக்கும் பட்டியல் சுருங்கும். கேட்கும் எழுத்து நம் சொல்லில் இல்லையென்றால் தெரியாது என்று சொல்லித் தாண்டிவிடலாம். மங்கலான படத்துக்கு இதுவே மேல், ஏனென்றால் எதை நம்பலாம் என்று மனிதக் கண் தீர்மானிக்கிறது.

வாட்திஃபான்ட் போன்றவை படத்தையே வாங்கிக்கொள்கின்றன. இந்த வகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அடோபி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2015-இல் வெளியிட்ட டீப்ஃபான்ட் ஆய்வு நல்ல சாளரம். 2383 எழுத்துருக்களை எடுத்துக்கொண்டு, அவற்றால் சொற்களை எழுதிச் செயற்கைப் படங்கள் செய்து, ஒரு நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவித்தார்கள். படங்கள் சுத்தமாக இருந்தால் உண்மைப் புகைப்படத்தில் தோற்றுப்போகும் என்பதால் வேண்டுமென்றே மங்கலாக்கி, சரித்து, நிழல் சேர்த்தார்கள். அதோடு எழுத்திடைவெளியையும் நீள அகலத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இடைவெளியையும் அகலத்தையும் பயனர்கள் இஷ்டத்துக்கு மாற்றுவதால் அவற்றை நம்பக்கூடாது என்று வலையமைப்புக்கே கற்றுக்கொடுத்தார்கள் எனலாம். மேலே நாம் கையால் கண்டுகொண்ட பாடம்தான்.

முடிவு: சரியான பெயர் முதல் ஐந்துக்குள் வருவது 80 விழுக்காட்டுக்கு மேல். "முதல் ஐந்துக்குள்" என்பதைக் கவனியுங்கள். கருவி தரும் முதல் பெயரைப் பதிலாக எடுத்துக்கொள்வது கருவியைத் தவறாகப் பயன்படுத்துவது. அது தருவது பரிசோதிக்க வேண்டியவர்களின் பட்டியல்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. தன் பட்டியலில் இல்லாத எழுத்துருவைக் காட்டினாலும் கருவி ஒரு பெயரைச் சொல்லும். எழுத்துரு விற்கும் நிறுவனத்தின் கருவி தன்னிடம் விற்பனைக்கு இருப்பதற்குள்ளேயே தேடும். பட்டியலை நம்பலாமா என்று அறிய எளிய வழி, ஐந்து பெயர்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஐந்தும் ஒரே முகச்சாயலில் இருந்தால் கருவிக்கு வடிவம் பிடிபட்டிருக்கிறது. ஒன்று செரிஃப், ஒன்று தூரிகை எழுத்து, ஒன்று தட்டச்சு எழுத்து என்று வந்தால் படத்தில் ஏதோ கோளாறு. மறுபடி வெட்டி, சுத்தம் செய்து அனுப்புங்கள்.

## ஒரே முகம், பல பெயர்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். படத்தில் `R`-இன் கால் வளைந்திருந்தது, முனைகள் எல்லாம் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஹெல்வெட்டிகா என்று அடித்துச் சொல்லலாமா? ஹெல்வெட்டிகாவின் வடிவம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. எழுத்துருக் கோப்பு ஒரு மென்பொருள் என்பதால் அதற்கு உண்டு, பெயருக்கு வணிகக்குறி உரிமை உண்டு. எனவே வடிவத்தைப் புதிதாக வரைந்து வேறு பெயரில் வெளியிட்டார்கள். பிட்ஸ்ட்ரீமின் சுவிஸ் 721 ஹெல்வெட்டிகாதான். யூ.ஆர்.டபிள்யூ.வின் நிம்பஸ் சான்ஸும் அப்படியே. நிம்பஸிலிருந்து டெக் ஜைர் ஹீரோஸ் வந்தது. தாளில் மை பட்ட பிறகு, ஒரு சொல்லை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்பவர் ஊகிக்கிறார் என்று கொள்ளலாம். நேர்மையான பதில் "ஹெல்வெட்டிகா வடிவம், நகல்களில் ஒன்றாகவும் இருக்கலாம்" என்பதுதான்.

## எந்த நெருக்கம் வேண்டும்?

கேட்டவர் ஏன் கேட்கிறார் என்று தெரியாமல் "நெருக்கமானது" ஒன்றைப் பரிந்துரைக்க முடியாது.

பழைய ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும், பக்கங்கள் கலையக்கூடாது என்றால் தேவைப்படுவது அகல நெருக்கம். ரெட் ஹேட் 2007-இல் வெளியிட்ட லிபரேஷன் குடும்பம் இதற்கென்றே செய்யப்பட்டது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ ஆகியவற்றின் அகலங்கள் அதில் அப்படியே இருக்கும். பெயர்ப்பலகையில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும், பார்ப்பவருக்கு ஒட்டு தெரியக்கூடாது என்றால் தேவைப்படுவது வடிவ நெருக்கம். அங்கே அகலம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை, `R`-இன் கால் மாறினால் ஒட்டு தெரிந்துவிடும்.

இரண்டும் எவ்வளவு தூரம் பிரியக்கூடும் என்பதற்குக் கார்லிட்டோ நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்டின் கலிப்ரி இல்லாத கணினிகளில் அதன் இடத்தில் வந்து உட்காருவது கார்லிட்டோ. அகலங்கள் கலிப்ரிக்கு ஒத்தவை, ஆனால் உருவம் லாட்டோ என்ற வேறொரு எழுத்துருவிலிருந்து வந்தது. ஆவணம் வரி பிசகாமல் திறக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் வேறு. கலிப்ரியில் முனைகளும் மூலைகளும் மெல்ல உருண்டிருக்கும், கார்லிட்டோவில் அப்படி இல்லை. "வரிகள் அப்படியே பொருந்துகின்றன, ஆகவே கலிப்ரிதான்" என்ற வாதம் இங்கே உடைந்துபோகும்.

இந்த நுணுக்கம் செய்தியாகவும் ஆகியிருக்கிறது. 2017-இல் பாகிஸ்தானின் பனாமா ஆவண விசாரணையில், 2006 பிப்ரவரி தேதியிட்ட ஓர் ஆவணம் கலிப்ரியில் இருந்ததும், அந்த எழுத்துரு 2007 ஜனவரி 31-க்கு முன் வணிகரீதியில் கிடைக்கவில்லை என்று தடயவியல் நிபுணர் சொன்னதும் பெரும் விவாதமாயின. முன்னோட்டப் பதிப்புகளில் அது முன்பே இருந்தது என்பது எதிர்வாதம். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பது இங்கே நம் கேள்வி அல்ல. படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர் எந்த அளவு உறுதியானது, அதிலிருந்து தேதியை எடுப்பது இன்னொரு தனிப் படி என்ற இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள அது உதவும்.

## படத்தில் இருப்பது தமிழ்ச் சொல் என்றால்

படத்தைப் பார்த்துச் சொல்லும் கருவிகள் பெரும்பாலும் லத்தீன் எழுத்துகளில் பயின்றவை. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அதையும் ஏதோ அலங்கார லத்தீன் என்று எடுத்துக்கொண்டு பெயர் சொல்லும். ஆக, கண்ணும் ஒப்பீடும்தான் துணை.

தமிழில் பேரெழுத்து இல்லாததால் உயர விகிதத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். `ப`, `ட` போன்ற நேர்கோட்டு எழுத்தின் உயரத்தை அடிப்படையாக வைத்து, `லி`-யின் கொக்கி அதற்கு மேல் எவ்வளவு எழுகிறது, `ழ`-வின் வால் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம். முகம் தெரியும் இடங்கள் சுழிகள்: `ண`, `ள`, `ன` ஆகியவற்றின் சுழி உருண்டையா, முட்டை வடிவமா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி நிறைந்த வட்டமா, வளையமா என்பதும் உடனே பிரித்துக் காட்டும். `லை`, `னை`, `றா`, `ணா` போன்றவை பழைய ஒட்டு வடிவத்தில் இருந்தால், தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978-க்கு முந்தைய அச்சாக இருக்கலாம். இல்லையென்றால் அந்த வடிவங்களை வேண்டுமென்றே வைத்திருக்கும் எழுத்துருவாக இருக்கலாம். இதுவும் தேதிக்கு உறுதியான சாட்சி அல்ல.

கோப்பு கையில் இருந்தால் தமிழுக்கே உரிய ஒரு தடயம் கிடைக்கும். சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் அது பெரும்பாலும் யூனிகோடு எழுத்துரு. "அம்மா" என்ற சொல் `mk;kh` என்று ஒட்டினால், பாமினி முறையில் குறியீடு செய்த எழுத்துரு அது: அங்கே `m` என்பது அ, `k` என்பது ம, `;` என்பது புள்ளி, `h` என்பது கால். பாமினி முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்தத் தடயம் யூனிகோடு எழுத்துருக்கள் அனைத்தையும் ஒரே அடியில் பட்டியலிலிருந்து நீக்கும். மிச்சம் உள்ளவற்றில் எது என்று முடிவு செய்ய மறுபடி `ண`-வின் சுழிக்குத்தான் வர வேண்டும்.